காத்திருக்கும் நேரத்தைக் குறைப்பது: அடுக்குமாடி வீட்டுப் பிறந்தநாளைத் திட்டமிடும் முறை

அழைப்பிதழில் மாலை 5 மணி என்று இருக்கும். முதல் குழந்தை 5 மணிக்கே வந்துவிடும், எதிர் ஃபிளாட்டிலிருந்துதானே வருகிறது. அடுத்த பிளாக்கிலிருந்து இரண்டு பேர் 5.20க்கு வருவார்கள். பள்ளித் தோழர்கள் போக்குவரத்தில் மாட்டிக்கொண்டு 5.45க்கு வந்து சேர்வார்கள். மாமா வந்த பிறகுதான் கேக் என்பதால் 7 மணி ஆகிவிடும். 5 மணிக்கு வந்த குழந்தை இரண்டு மணி நேரம் என்ன செய்யும்? சோபாவில் ஏறிக் குதிக்கும், கைக்கு எட்டுகிற பலூனை இழுக்கும், கேக் மேசையைச் சுற்றி வரும். பிறந்தநாள் குழந்தையின் புதுப் பொம்மையைப் பிடுங்கி அழுகையும் தொடங்கும். "பிள்ளைகள் ரொம்ப வாலு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த ஹாலில் வெறுமையாகக் கிடந்த நேரம்தான் அந்த வாலுத்தனத்துக்குக் காரணம். பலூன் கட்டிக் கொடுத்து, விளையாட்டு நடத்திக் கொடுத்து அக்கம்பக்கத்துக் குடும்பங்களுக்கு உதவ நினைப்பவர் முதலில் அளக்க வேண்டியது இந்தக் காத்திருக்கும் நேரத்தை. எந்த விளையாட்டு, எவ்வளவு பலூன், என்ன தீம் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை அதிலிருந்தே கிடைக்கிறது. அதைத்தான் இந்த அத்தியாயம் ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு விளக்குகிறது.

வீடு இரண்டு படுக்கையறை ஃபிளாட், மூன்றாவது மாடி. ஹால் 10 அடிக்கு 16 அடி. குழந்தைக்கு 5 வயது நிறைகிறது, ரயில் என்றால் உயிர். வரப்போகும் பிள்ளைகள் 14 பேர். பெரும்பாலோர் நான்கிலிருந்து ஏழு வயது. கூடவே ஒரு இரண்டு வயதுத் தம்பியும் பத்து வயது அக்காக்கள் இருவரும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலை 5 முதல் 7 வரை. இத்தகைய வீடு சென்னையிலும் கோவையிலும் ஆயிரக்கணக்கில் இருப்பதால் கணக்கை இதை வைத்தே போடலாம்.

விளையாட்டில் தொடங்குவோம், ஏனென்றால் காத்திருப்பைப் பெரும்பாலும் நாமே விளையாட்டு என்ற பெயரில் உண்டாக்குகிறோம். பிறந்தநாள் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது மியூசிக்கல் சேர். 14 பிள்ளைகள், 13 சுற்று. பாட்டு ஓடி, நின்று, யார் முதலில் உட்கார்ந்தார்கள் என்ற வழக்கு தீர்ந்து, ஒரு நாற்காலியை எடுத்து வைக்கச் சுற்றுக்கு ஒன்றரை நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். ஆட்டம் ஏறத்தாழ 20 நிமிடம் நடக்கும். முதல் சுற்றில் வெளியேறிய குழந்தை 18 நிமிடம் சுவரோரம் நிற்கும். எல்லாப் பிள்ளைகளின் நேரத்தையும் கூட்டினால் 273 நிமிடம். அதில் 117 நிமிடம், அதாவது நூற்றுக்கு 43 பங்கு, சும்மா நின்ற நேரம். அதிலும் முதலில் வெளியேறுவது யார் என்று பாருங்கள்: வயதில் சிறியது, கூச்சப்படுவது, மெதுவாக நகர்வது. யாரை நாம் அதிகம் கவனிக்க வேண்டுமோ அந்தக் குழந்தையையே அதிக நேரம் ஓரம்கட்டும்படி இந்த ஆட்டம் அமைந்திருக்கிறது. கண்ணைக் கட்டிப் படத்தில் பொட்டு வைக்கும் ஆட்டம் இன்னும் மோசம். ஆளுக்கு ஒரு நிமிடம் என்றால் ஒரு குழந்தை ஒரு நிமிடம் ஆடிவிட்டு 13 நிமிடம் வரிசையில் நிற்கிறது.

ஆகவே ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது நடக்கும்போது எத்தனை கைகள் சும்மா இருக்கும்? இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் நம் தெரு விளையாட்டுகள் பல தேறிவிடும். கொலை கொலையா முந்திரிக்காய் ஆட்டத்தில் வட்டத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகூட, துணி தன் முதுகுக்குப் பின்னால் விழுந்திருக்குமோ என்று தடவிக்கொண்டே இருக்கிறது. ஒரு குடம் தண்ணி ஊத்தி ஆட்டத்தில் வரிசை முழுவதும் நகர்கிறது, பிடிபட்டவரும் வெளியேறுவதில்லை, ஒரு பக்கம் போய்ச் சேர்ந்துகொள்கிறார். இந்த ஆட்டங்களில் தோற்றவருக்கும் அடுத்த வேலை ஒன்று உண்டு. ஆனால் முந்திரிக்காய் ஆட்டத்தில் வட்டத்துக்கு வெளியே ஓடுவதற்கு இடம் வேண்டும். 10 அடி அகல ஹாலில் அதை வேகநடை ஆட்டமாக மாற்றினால்தான் டீவி ஸ்டாண்டின் முனையில் யாரும் இடித்துக்கொள்ளமாட்டார்கள்.

இடத்தையும் அளந்துவிடுவது நல்லது. சப்பணமிட்டு உட்காரும் சிறு குழந்தைக்கு வட்டத்தில் ஒன்றரை அடி வேண்டும். 14 பேருக்கு 21 அடிச் சுற்றளவு, அதாவது ஏறக்குறைய 7 அடிக் குறுக்களவு உள்ள வட்டம். 10 அடி அகலத்தில் நீளச் சுவரோரம் 3 அடிச் சோபா கிடந்தால் மிச்சம் சரியாக 7 அடி, யாரும் முதுகை நிமிர்த்த முடியாது. சோபாவைக் குறுகலான சுவர்ப் பக்கம் தள்ளி, டீப்பாயைப் படுக்கையறைக்குள் அனுப்பிவிட்டால் 10 அடி அகலமும் கிடைத்துவிடும். முதல் நாளே வீட்டுக்குப் போய் டேப்பால் அளந்து, எந்தப் பொருள் எங்கே போகும் என்று ஒரு தாளில் படம் வரைந்து குடும்பத்திடம் காட்டுங்கள். அலங்காரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் நடக்க வேண்டிய பேச்சு இது. கீழ் வீட்டுக்காரர்களிடம் குடும்பத்தார் ஒரு வார்த்தை சொல்லிவைப்பதும் அப்போதே முடியட்டும். மூன்றாவது மாடியில் 14 பேர் குதித்தால் இரண்டாவது மாடியில் இடி இடிக்கும். அதனால் குதிக்கும் ஆட்டங்கள் இந்தத் திட்டத்தில் கிடையாது.

இனி தீம். கடையில் தீம் என்றால் ஒரு கார்ட்டூன் உருவம் அச்சிட்ட பின்திரை, அதே உருவம் பதித்த தட்டு, தொப்பி, பேனர். அந்த உருவங்களின் உரிமை அவற்றைப் படைத்த நிறுவனங்களிடம் இருக்கிறது. நீங்கள் காசு வாங்கிக்கொண்டு செய்யும் வேலையில் அவற்றை அச்சிட்டுக் கொடுப்பது சட்டச் சிக்கல் என்பது ஒரு பக்கம். பிள்ளைகள் அந்தத் திரையை அரை நிமிடம் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள் என்பது பெரிய குறை. பார்ப்பதற்கு மட்டுமான தீம் காத்திருப்பைக் குறைக்காது. செய்வதற்கு ஏதாவது தரும் தீம்தான் குறைக்கும். ஆகவே உருவத்தை விட்டுவிட்டு ஓர் இடத்தையோ ஒரு தொழிலையோ எடுத்துக்கொள்ளுங்கள்: கடற்கரை, காய்கறிச் சந்தை, தபால் நிலையம், ரயில். அங்கெல்லாம் மனிதர்கள் ஏதோ ஒரு வேலையைச் செய்துகொண்டிருப்பார்கள், அந்த வேலை அப்படியே விளையாட்டாகிவிடும்.

நம் குழந்தைக்கு ரயில். ஹால் சுவரில் ஒரு அட்டை என்ஜின். ஃபிரிட்ஜோ வாஷிங் மெஷினோ வந்த பெரிய அட்டைப்பெட்டியைக் கேட்டு வாங்கி, ஒரு பக்கத்தை என்ஜின் வடிவில் வெட்டிக் கறுப்புத் தாள் ஒட்டினால் போதும். அதன் புகைபோக்கியிலிருந்து எழும்பும் புகைதான் பலூன் தோரணம், வெள்ளையும் சாம்பலும் மட்டும். என்ஜினுக்குப் பின்னால் சுவர் வெறுமையாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். வாசலருகே ஒரு ஸ்டூலில் டிக்கெட் கவுண்டர். வருகிற ஒவ்வொரு குழந்தையும் ஒரு டிக்கெட் வாங்கும், பத்து வயது அக்கா ஒருத்தி பஞ்சிங் மெஷினால் அதில் ஓட்டை போடுவாள். டிக்கெட்டோடு அரைத் தாள் அளவில் ஒரு ரயில் பெட்டியின் கோட்டுப்படமும் கிடைக்கும். குழந்தை அதற்குக் கிரேயானால் வண்ணம் தீட்டி, சன்னலில் தன் முகத்தை வரைந்து, பெயர் எழுதி, என்ஜினுக்குப் பின்னால் சுவரில் ஒட்டும். 5 மணிக்கு ஒரு பெட்டி, 5.20க்கு நான்கு, 5.45க்குப் பன்னிரண்டு. தாமதமாக வருகிற குழந்தையும் எதையும் இழக்காமல் சேர்ந்துகொள்ளலாம், முன்பே வந்த குழந்தை இரண்டாவது பெட்டியும் செய்யலாம். வருகை நேரத்து வேலைக்கு இருக்க வேண்டிய குணம் இதுதான்: தொடக்கமும் முடிவும் இல்லாமல், யார் எப்போது வந்தாலும் நுழையும்படி இருக்க வேண்டும். சுவருக்குக் காகித மாஸ்கிங் டேப்பையே பயன்படுத்துங்கள். இரட்டைப் பக்க டேப் டிஸ்டெம்பரைப் பிய்த்துக்கொண்டு வரும், வாடகை வீட்டில் அது முன்பணத்தில் போய் முடியும்.

5.45க்குப் பெரும்பாலோர் வந்திருப்பார்கள். இப்போது சிக்னல் ஆட்டம். எல்லோரும் முன்னவர் தோளைப் பிடித்து ரயிலாக நிற்கிறார்கள். நீங்கள் பச்சை அட்டை காட்டினால் நடை, மஞ்சள் என்றால் நுனிக்காலில் பூனை நடை, சிவப்பு என்றால் சிலை. சிவப்பில் அசைந்தவர் வெளியேறுவதில்லை. ரயிலின் கடைசிக்குப் போய்ப் பச்சைக் காகிதக் கொடி பிடிக்கும் கார்டு ஆகிறார். கொஞ்ச நேரத்தில் கார்டு ஆவதற்காகவே சிலர் அசைவார்கள், அதை அனுமதியுங்கள். இடையிடையே ஸ்டேஷன் பெயர்களைக் கூவலாம்: எழும்பூர், சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், மாம்பலம். தாம்பரம் தடத்தில் போய்வந்த பிள்ளைகள் அடுத்த ஸ்டேஷனைத் தாங்களே சொல்லிவிடுவார்கள். வெறுங்காலோடு ஆடட்டும். டைல்ஸ் தரையில் சாக்ஸ் வழுக்கும், விரித்த ஜமக்காளமும் நகரும். நடை ஆட்டம் முடிந்த பிறகு ஜமக்காளத்தை விரித்து உட்கார வையுங்கள்.

உட்கார்ந்ததும் பார்சல். இதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். ஒரே ஒரு பரிசைப் பத்துச் சுற்றுத் தாளில் சுற்றி, பாட்டு நிற்கும்போது கையில் வைத்திருப்பவரை வெளியேற்றுகிறார்கள். மியூசிக்கல் சேரின் குறை அப்படியே இங்கும் வந்துவிடுகிறது. மாற்று வழி: ஒரு சுற்றுக்கு ஒரு குழந்தை என்று 14 சுற்றுச் செய்தித்தாள். ஒவ்வொரு சுற்றுக்குள்ளும் ஒரு சிறு ஸ்டிக்கரும், "விசில் சத்தம் கொடு", "டீ, காபி என்று கூவு" என்பது போல ஒரு துண்டுச் சீட்டும். பிரித்தவர் அதைச் செய்துவிட்டு வட்டத்திலேயே இருக்கிறார். ஒரே பார்சல் என்றால் முடியக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், சிறியவர்களுக்கு அது நீளம். அதனால் 7 சுற்று வீதம் இரண்டு பார்சல்கள் செய்து, எதிர் எதிராக இரண்டு இடத்தில் தொடங்கி விடுங்கள். பாதி நேரத்தில் முடியும், கைகளும் இரட்டிப்பாக வேலை செய்யும். பாட்டை நிறுத்துபவர் முதுகைக் காட்டி நிற்கக் கூடாது. வட்டத்தைப் பார்த்துக்கொண்டே, இதுவரை கிடைக்காத குழந்தையிடம் வரும்போது நிறுத்த வேண்டும். இது ஏமாற்று வேலை இல்லையா என்று ஒருவர் கேட்கலாம். எல்லோருக்கும் ஒருமுறை கிடைக்கும் என்று முதலிலேயே சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். சொன்னதைத்தான் செய்கிறீர்கள்.

வெற்றி தோல்வி இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு ஆர்வம் போய்விடாதா என்ற ஆட்சேபம் நியாயமானது. எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களிடம் அது உண்மையும்கூட. போட்டி இல்லாத ஆட்டத்தை அவர்கள் குட்டிப் பிள்ளைகளின் ஆட்டம் என்று ஒதுக்கிவிடுவார்கள். அந்த வயதுக்காரர்கள் அதிகம் இருந்தால் இரண்டு அணியாகப் பிரித்துப் புள்ளி போடுங்கள். தோற்ற அணியும் கடைசி வரை ஆடிக்கொண்டிருக்கும், ஆகவே போட்டியும் இருக்கும், ஓரம்கட்டலும் இருக்காது. ஆனால் நான்கு, ஐந்து வயதில் குழந்தைக்குப் பரிசைவிட "அடுத்தது நான்" என்பதே பெரிய செய்தி. இந்த வீட்டில் பத்து வயதுக்காரர்கள் இருவர்தான். அவர்களைப் போட்டியாளர்களாக வைக்காமல் டிக்கெட் பரிசோதகராகவும் ஸ்டேஷன் மாஸ்டராகவும் ஆக்கினால் அவர்களுக்கும் வேலை கிடைத்துவிடும், உங்களுக்கும் இரண்டு உதவியாளர்கள் கிடைப்பார்கள். இரண்டு வயதுத் தம்பிக்கு எந்த ஆட்டமும் பொருந்தாது. அவன் ஒரு பெரியவர் மடியில் இருக்க வேண்டும். ஏன் என்பதற்குக் காரணம் பலூனில் இருக்கிறது.

பலூனுக்கும் தமிழ்நாட்டுக்கும் பழைய உறவு உண்டு. இன்று டயருக்குப் பெயர்பெற்ற எம்ஆர்எஃப், 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மைப் பலூன் செய்யும் தொழிலாகத்தான் தொடங்கியது. அன்றும் இன்றும் நல்ல பலூன் என்பது இயற்கை ரப்பர்ப் பால்தான். அதன் நற்குணமும் ஆபத்தும் அந்த ரப்பரின் மென்மையில்தான் இருக்கின்றன. வெடித்த பலூன் துண்டையோ ஊதாத பலூனையோ குழந்தை வாயில் போட்டுக்கொண்டால், அது தொண்டையின் வடிவத்துக்கே வளைந்து ஒட்டி மூச்சுக்குழலை அடைத்துவிடும். கடினமான பொருளைப் போல் எளிதில் வெளியே வராது. இதனால்தான் அமெரிக்காவில் 1994இல் வந்த சட்டம், எட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆபத்து என்று பலூன் உறையில் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்றது. ஆகவே தோரணத்தின் அடிப்பகுதி தரையிலிருந்து நான்கு அடிக்கு மேல் இருக்கட்டும். நாற்காலி, கதவுக் கைப்பிடி, மேசைக்கால் எதிலும் பலூன் கட்டாதீர்கள். அப்படிக் கட்டிய பலூன் காத்திருக்கும் கைகளுக்கு விடும் அழைப்பு. தரையில் கிடக்கும் பலூன்கள் நூறு என்றால் வெடிப்பவை எத்தனை, துண்டுகள் எங்கே போயின என்று யாராலும் கணக்கு வைக்க முடியாது.

அப்படியானால் எவ்வளவு பலூன் வேண்டும்? இங்கேதான் குடும்பத்தின் விருப்பம் குறுக்கே வரும். சுவர் முழுக்க வேண்டும், கூரையிலும் வேண்டும், போட்டோவில் நிறைய தெரிய வேண்டும் என்பார்கள். இந்த ஆசையைக் குறையாக எண்ண வேண்டாம். ஆண்டுக்கு ஒரு நாள், படங்கள் ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிக்குப் போகின்றன. ஆனால் படம் எடுப்பவர் 10 அடி அகல அறையில் எவ்வளவு பின்னால் போக முடியும்? மேசைக்குப் பின்னால் குழந்தை, இரு பக்கம் பெற்றோர், இவர்கள் சட்டகத்தில் நன்றாகத் தெரியும்படி எடுத்தால் பின்னால் விழும் சுவர் ஏறத்தாழ 6 அடி. அதற்கு அப்பால் கட்டிய பலூன் படத்தில் வராது. அது உங்கள் மூன்று மணி நேரத்தையும் வீட்டின் காற்றோட்டத்தையும் தின்றுவிட்டுப் போகும். ஒரே இடத்தில், ஒரு பக்கம் சாய்ந்த வளைவாக, 6 அடித் தோரணம் போதும் என்று இந்தக் கணக்கைக் காட்டிச் சொன்னால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். தயங்குகிறவர்களிடம் செல்போனை எடுத்து அதே இடத்தில் ஒரு படம் எடுத்துக் காட்டுங்கள்.

6 அடிக்கு இந்தக் கணக்கு: 10 அங்குலப் பலூன் 48, 5 அங்குலச் சிறியது 20, 12 அங்குலப் பெரியது 4, ஆக 72. வெடிப்பதற்கும் ஓட்டையாக வருவதற்கும் 10 கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். 10 அங்குலப் பலூனை 10 அங்குலத்துக்கு ஊதக் கூடாது, 8 அங்குலத்தில் நிறுத்த வேண்டும். முழுக்க ஊதினால் கழுத்துப் பக்கம் நீண்டு பேரிக்காய் வடிவம் வந்துவிடும், ரப்பர் இறுகி நிற்பதால் ஒரு சிறு சூடு பட்டாலும் வெடிக்கும். கொஞ்சம் தளர்ந்த பலூன் உருண்டையாக இருக்கும், மதிய வெப்பத்தில் உள்ளே காற்று விரிய இடமும் இருக்கும். எல்லாம் ஒரே அளவில் வர, ஓர் அட்டைப்பெட்டியில் 8 அங்குல வட்ட ஓட்டை வெட்டி, ஊதிய பலூன் அதில் உரசாமல் நுழைகிறதா என்று பார்த்துக் காற்றைச் சரிசெய்யுங்கள். இரண்டு பலூன் கழுத்துகளை ஒன்றோடொன்று முடிந்தால் ஒரு ஜோடி. இரண்டு ஜோடிகளைக் குறுக்கே வைத்து முறுக்கினால் நான்கிதழ்ப் பூப்போல ஒரு கொத்து. ஒரு கொத்து நூலில் 6 அங்குலம் எடுக்கும், ஆகவே 12 கொத்துகள். அவற்றை ஒரு நைலான் நூலில் சுற்றிக் கோத்து, ஒன்றை ஒன்று நெருக்கித் தள்ளி, வண்ணங்களைக் கலைத்துத் திருப்புங்கள். சிறிய பலூன்களையும் பெரியவற்றையும் பலூனுக்கான ஒட்டுப்புள்ளிகளால் இடைவெளிகளில் ஒட்டும்போதுதான் அது புகையாகத் தெரியத் தொடங்கும். புகைபோக்கியருகே சிறியவை, மேலே போகப் போகப் பெரியவை. மின் பம்ப் இருந்தாலும் முடிச்சுப் போடுவதில்தான் நேரம் போகும். தனி ஆளாக என்றால் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

அன்றே காலையில் கட்டுவது நல்லது. முதல் நாள் ஊதிய பலூன் காற்றை அவ்வளவாக இழக்காது, ஆனால் ரப்பர் காற்றிலும் வெளிச்சத்திலும் பட்டு மங்கி, மேலே பொடி பூசியது போல் ஆகிவிடும். அதே கட்டடத்தில் குடியிருப்பவர் தம் வீட்டிலேயே கட்டி எடுத்துப் போகலாம். அப்போது 3 அடி வீதம் இரண்டு துண்டாகக் கட்டினால்தான் லிஃப்டிலும் வாசற்கதவிலும் உரசாமல் போகும். ஆட்டோவில் ஏற்றும் யோசனையை விட்டுவிடுங்கள். தொங்கவிட ஆணி அடிக்க வேண்டியதில்லை, ஏற்கெனவே இருக்கும் படத்தின் ஆணியும் திரைச்சீலைக் கம்பியும் போதும். சன்னல் கிரில்லில் கட்டுவது எளிதாகத் தோன்றும், ஆனால் மேற்குப் பார்த்த சன்னல் என்றால் வெயிலில் வெடிக்கும். பின்னால் வெளிச்சம் இருப்பதால் படத்தில் குழந்தையின் முகமும் இருண்டுவிடும். சொரசொரப்பான பூச்சுள்ள சுவரில் பழைய சேலையோ தாளோ விரித்து அதன்மேல் கட்டுங்கள். சீலிங் ஃபேனில் எதையும் தொங்கவிடாதீர்கள். தோரணத்தின் கீழ் முனையைக் கட்டாமல் விட்டால் ஃபேன் காற்றில் அது ஆடிக்கொண்டே இருந்து முடிச்சு நழுவும்.

மேலே மிதக்கும் பலூன் வேண்டும் என்று கேட்பார்கள். ஹீலியம் விலை கூடியது. மலிவாக நிரப்பித் தருவதாக ஒருவர் சொன்னால் அது ஹைட்ரஜனாக இருக்கலாம். நிறமோ மணமோ இல்லாததால் பலூனைப் பார்த்து எதுவென்று கண்டுபிடிக்க முடியாது. ஹைட்ரஜன் தீப்பிடிக்கும் வாயு, மூடிய அறையில் கேக் மெழுகுவர்த்திக்கு அருகே அதற்கு இடமே இல்லை. மறுத்துவிடுங்கள். மேலே மிதக்கும் பலூன் வேண்டாம், மேலிருந்து தொங்கும் காகிதச் சுருள் செய்கிறேன் என்று சொல்லலாம். கேக் மேல் அடிக்கும் நுரை ஸ்ப்ரேயும் இப்படித்தான். அதைத் தள்ளும் வாயு எரியக்கூடியது, எரியும் மெழுகுவர்த்தியின்மேல் அடித்தால் குழந்தையின் முகத்தருகே தீப்பிழம்பு எழும். வீட்டாரிடம் முன்பே கேட்டு, யாராவது வாங்கி வைத்திருந்தால் எடுத்து உள்ளே வைத்துவிடச் சொல்லுங்கள். மேசைக்கும் தோரணத்துக்கும் மூன்று அடி இருக்கட்டும். பிறந்தநாளில் விளக்கை அணைப்பதை விரும்பாமல் குத்துவிளக்கு ஏற்றும் குடும்பங்கள் உண்டு. அந்த விளக்கு பாவாடை உரசாத, பிள்ளைகள் ஓடாத சுவரோரத்தில் இருக்க வேண்டும்.

என்ன வாங்கலாம் என்பதிலும் சட்டம் ஒரு கோடு போட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தெர்மாகோல் தட்டு, கப், பிளாஸ்டிக் கொடி போன்றவை தடைசெய்யப்பட்டன. 2022 ஜூலை 1 முதல் மத்திய அரசின் தடைப் பட்டியலில் பலூனுக்கான பிளாஸ்டிக் குச்சியும், அலங்காரத் தெர்மாகோலும், 100 மைக்ரானுக்குக் குறைந்த பிவிசி பேனரும் இருக்கின்றன. கடையில் கிடைக்கிறது என்பதால் அனுமதி உண்டு என்று நினைத்துவிடாதீர்கள். பெயர்ப் பலகையை ஸ்டேஷன் பலகை போல மஞ்சள் அட்டையில் கறுப்பில் எழுதினால் ரயில் தீமுக்கு அதைவிடப் பொருத்தமாக எதுவும் அமையாது.

கேக் நேரம் கடைசி முடிச்சு. அழைப்பிதழில் இரண்டு நேரம் போடச் சொல்லுங்கள்: "விளையாட்டு 5 மணி, கேக் 6.10". மாமா தாமதமானால் என்ன செய்வது என்று கேட்பார்கள். நெருங்கிய உறவினருக்குத் தனியே 5.45 என்று சொல்லிவைக்கலாம். அப்போதும் வராவிட்டால், ஒரு பெரியவருக்காக 14 பிள்ளைகள் பசியோடு உட்காருவதைவிட, அவர் வந்த பிறகு அவருக்கென ஒரு துண்டு ஊட்டிப் படம் எடுப்பதே எளிது என்று எடுத்துச் சொல்லுங்கள். மெழுகுவர்த்திக்காக ஃபேனை நிறுத்தியதும் ஹால் புழுங்கத் தொடங்கும், எனவே கத்தி, தட்டு, தீப்பெட்டி எல்லாம் மேசையில் இருந்த பிறகே நிறுத்துங்கள். 6.30க்குச் சாப்பாடு. சாப்பிட்டு முடித்தவர்கள் முடிக்காதவர்களுக்காகக் காத்திருக்காமல் இருக்க, சுவரில் ஒட்டிய தங்கள் பெட்டியை எடுத்துப் பின்புறம் ஊர்ப் பெயர் எழுதி வீட்டுக்குக் கொண்டுபோகட்டும்.

விளையாட்டுக்கு யார் காசு தருவார்கள், பலூனுக்குத்தான் தருவார்கள் என்பது இந்தத் திட்டத்துக்கு வரும் கடினமான ஆட்சேபம். பலூனை எண்ணி விலை சொன்னால் அது நிச்சயம் நடக்கும். 72 பலூன் கட்டுபவரைவிட 300 கட்டுபவர் மேல் என்று கணக்குப் போடுவார்கள். ஆகவே விலையை இரண்டு வரியாக எழுதுங்கள்: பொருளுக்கு ரசீதுப்படி ஒரு தொகை, உங்கள் நேரத்துக்கு ஒரு தொகை. அளவெடுக்கவும் பார்சல் சுற்றவும் ஒன்றரை மணி, தோரணம் கட்டவும் தொங்கவிடவும் மூன்று மணி, நிகழ்ச்சியில் இரண்டரை மணி, அகற்ற அரை மணி என்று நேரத்தை விரித்துக் காட்டுங்கள். அதனோடு 5 முதல் 7 வரை நிமிடவாரியாக எழுதிய தாளையும் கொடுங்கள். அந்த இரண்டு மணி நேரமும் தங்கள் கையில் வந்து விழாது, விருந்தாளிகளிடம் நிம்மதியாகப் பேசலாம் என்பதை அந்தத் தாளில்தான் பெற்றோர் பார்க்கிறார்கள். பெற்றோரே இதையெல்லாம் செய்துகொள்ள முடியாதா என்றால், முடியும். ஆனால் வாசலில் வரவேற்பவரும் சிக்னல் அட்டை பிடிப்பவரும் ஒரே ஆளாக இருக்க முடியாது.

அகற்றும் அரை மணியை எப்போதும் உங்கள் வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள், வீட்டாரிடம் விட்டுவிட்டு வராதீர்கள். ஊசியால் குத்தினால் சத்தத்தோடு துண்டு துண்டாகச் சிதறும், களைத்துத் தூங்கப்போன குழந்தையும் எழுந்துவிடும். முடிச்சுக்கு மேலே கழுத்தைக் கிள்ளிப் பிடித்து, கத்தரியின் நுனியால் சிறு வெட்டுப் போட்டால் காற்று மெல்ல இறங்கி, பலூன் ஒரே துண்டாகக் கையில் நிற்கும். எல்லாவற்றையும் ஒரு காகிதப் பையில் போட்டுக் கழுத்துகளை எண்ணுங்கள். 72 வர வேண்டும். மாலையில் வெடித்தவற்றின் கழுத்துகளும் அதில் சேர்த்தி. 71 வந்தால் சோபாவுக்கு அடியில், திரைக்குப் பின்னால், ஜமக்காள மடிப்பில் தேடுங்கள். நாளைக் காலை விளையாட வரும் தம்பி அதைக் கண்டுபிடிப்பதற்கு முன் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும்.